பத்து மணிக்கு முன் பத்து நிமிடம்

முன்பின் தெரியாத ஏழு பேருடன் ஓர் அறையில் தூங்குவது எப்படி? காசியில் மூன்று இரவுகள் கற்றுத்தந்த டார்மிட்டரி பாடம்.

ஜனவரி மாதக் காசி. பிற்பகல் மூன்று மணிக்குச் சேர வேண்டிய ரயில், மூடுபனியில் நின்று நின்று ஊர்ந்து, இரவு பதினொன்றரைக்கு என்னை இறக்கிவிட்டது. ஆட்டோ நுழையாத சந்துகளில் பையைச் சுமந்துகொண்டு நடந்து ஹாஸ்டல் வாசலை அடைந்தபோது மணி பன்னிரண்டு இருபது. கம்பளிக்குள் சுருண்டிருந்த வரவேற்பறைப் பையன் ஆதாரைச் சரிபார்த்துப் பதிவு செய்துவிட்டு, "ஆறாம் நம்பர், மேல் படுக்கை" என்று சொல்லிச் சாவி அட்டையை நீட்டினான்.

கதவைத் திறந்தால் கும்மிருட்டு. எட்டுப் படுக்கை கொண்ட அறை. ஏழு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது தேவைப்பட்டவை நான்கே பொருட்கள்: ஸ்வெட்டர், பல் துலக்கும் பிரஷ், சார்ஜர், பூட்டு. நான்கும் பையின் அடியில், நான்கு தனித்தனி பிளாஸ்டிக் கவர்களுக்குள் இருந்தன. முதல் கவரைத் தொட்டதும் எதிர்ப்படுக்கையில் ஒருவர் புரண்டார். இரண்டாவதற்கு ஒரு பெருமூச்சு வந்தது. மூன்றாவதைத் தேடக் குனிந்தபோது ஏணியில் முழங்காலை இடித்துக்கொண்டு, என்னையறியாமல் "முருகா" என்றேன்.

கீழ்ப்படுக்கையின் திரை விலகியது. "அண்ணா, தமிழுங்களா? என் பெட் லைட்டு வேணா போட்டுக்குங்க. அந்தக் கவர மட்டும் விட்ருங்ணா!"

திருப்பூர்த் தம்பி. பின்னலாடை நிறுவன வேலையை விட்டுவிட்டு நான்கு மாதமாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருப்பவர். மறுநாள் காலை அஸ்ஸி படித்துறைப் பக்கம் மண் குவளையில் தேநீர் வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். "விடுங்ணா, மொத ராத்திரி எல்லாரும் பண்றதுதான்" என்று சிரித்தார். பிறகு, தான் தங்கிய இருபதுக்கும் மேற்பட்ட டார்மிட்டரிகளில் கற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். அடுத்த இரண்டு இரவுகளில் அதையெல்லாம் நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன். இந்தக் கட்டுரை அந்த அனுபவத்திலிருந்து எழுதப்படுவது.

சத்திரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நம் ஊரில் ஹாஸ்டல் என்றால் மாணவர் விடுதி. இங்கே சொல்லப்படுவது பயணிகள் ஹாஸ்டல். அறையை வாடகைக்கு எடுப்பதில்லை. ஒரு படுக்கையை மட்டும் எடுக்கிறோம். நான்கு முதல் பன்னிரண்டு பேர் வரை ஓர் அறையில் இருப்பார்கள். குளியலறை பொது. பெண்களுக்கு மட்டுமான அறைகளும் உண்டு, இருபாலரும் தங்கும் அறைகளும் உண்டு. முன்பதிவு செய்யும்போதே எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த யோசனை ஜெர்மனியில் பிறந்தது. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் 1909இல் மாணவர்களுடன் நடைப்பயணம் போனபோது புயல்மழையில் சிக்கி, ஒரு கிராமப் பள்ளியின் வகுப்பறையில் இரவைக் கழித்தார். விடுமுறையில் பூட்டிக்கிடக்கும் பள்ளிகளை ஏன் பயணிகளுக்குத் திறந்துவிடக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. 1912இல் ஆல்டெனா என்ற ஊரின் கோட்டைக்குள் நிரந்தர விடுதி வந்தது. அதன் பழைய மரக்கட்டில்களை இன்றும் அங்கே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. நம் ஸ்லீப்பர் கோச் மாதிரி.

காசியில் தமிழர்களுக்கு நகரத்தார் சத்திரம் இருக்கிறது. அங்கே சமையல்காரர் முதல் பக்கத்து அறைக்காரர் வரை ஏதோ ஒரு வகையில் நம் ஊர்க்காரர். சத்தம் போட்டால் உரிமையோடு கண்டிப்பார். டார்மிட்டரியில் கண்டிக்க யாரும் இல்லை. நாகரிகத்துக்காக எல்லோரும் பொறுத்துக்கொள்கிறார்கள். அதனாலேயே நாம் செய்யும் தவறு நமக்குத் தெரியாமல் போகிறது.

ஆறாம் நம்பர் என்றால் ஆறாம் நம்பர்தான்

படுக்கையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எல்லா இடத்திலும் கிடைக்காது. பல ஹாஸ்டல்களில் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். சில இடங்களில் முதலில் வருபவருக்கு முதல் தேர்வு. முழங்கால் வலி, ரத்த அழுத்த மாத்திரையால் இரவில் அடிக்கடி எழும் தேவை போன்றவை இருந்தால், முன்பதிவின்போதே "கீழ்ப்படுக்கை வேண்டும்" என்று குறிப்பு எழுதிவிட்டு, முதல் நாள் போனிலும் சொல்லிவிடுவது நல்லது. நள்ளிரவில் போய் நின்றுகொண்டு கேட்டால், தூங்குகிற ஒருவரை எழுப்பித்தான் தர முடியும்.

தேர்வு கிடைத்தால் எதைப் பார்ப்பது? முதலில் கதவு. கதவை ஒட்டிய படுக்கைக்கு ஒவ்வொரு முறை யாராவது வரும்போதும் தாழ்வாரத்து வெளிச்சம் முகத்தில் அடிக்கும். காசிக் குளிரில் காற்றும் சேர்ந்து வரும். குளியலறைக் கதவுக்கு அருகிலுள்ளதும் அப்படித்தான். இரண்டு சுவர்கள் சேரும் மூலைப் படுக்கைதான் உத்தமம். ஒரு பக்கம் மட்டுமே திறந்திருக்கும், பொருளும் உருண்டு போகாது.

மேலா, கீழா என்பது பருவத்தைப் பொறுத்தது. சூடான காற்று மேலே ஏறும் என்பதால் குளிர்காலத்தில் மேல் படுக்கை கொஞ்சம் கதகதப்பாக இருக்கும். அதே படுக்கை மே மாத வெயிலில் அடுப்பங்கரை. ஏசி இருந்தால் அது எந்தத் திசையில் ஊதுகிறது என்று பார்க்க வேண்டும். மேல் படுக்கைக்கு நேராக ஊதினால் காலையில் தொண்டை கட்டும். நம் நாட்டில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: சீலிங் ஃபேன். மேல் படுக்கையில் உட்கார்ந்து கையை நீட்டினால் இறக்கை எட்டும் தூரத்தில் ஃபேன் இருந்தால் அந்தப் படுக்கை வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் போர்வையை உதறும் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. மேல் படுக்கையின் ஓரத் தடுப்புக் கம்பியையும் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட வேண்டும். மெத்தை தடிமனாக இருந்து கம்பி அதற்கு மேல் நாலு விரல்கூட எழாவிட்டால் அந்தத் தடுப்பால் பயனில்லை.

உட்காருவதற்கு முன் மூட்டைப்பூச்சிச் சோதனை. விரிப்பின் மூலையைத் தூக்கி, மெத்தையின் ஓரத் தையலை போன் வெளிச்சத்தில் பார்த்தால் போதும். பேனா மையால் புள்ளி வைத்தது போன்ற கரும்புள்ளிகள் வரிசையாக இருந்தால் அது பூச்சியின் எச்சம். அப்படி இருந்தால் உடனே வரவேற்பறையில் சொல்லி வேறு அறை கேட்க வேண்டும். இதே காரணத்துக்காகத்தான் பயணப் பையைப் படுக்கையின் மேல் வைக்கக்கூடாது. ரயில் இருக்கைக்கு அடியிலும் பேருந்துக் கூரையிலும் கிடந்த பை அது. நமக்கு முன் தங்கியவரின் பையில் வந்த பூச்சிதான் இந்த மெத்தையில் இருக்கும்.

நம் படுக்கையில் வேறு யாரோ தூங்கிக்கொண்டிருந்தால்? இரண்டாம் இரவு இது நடந்தது. பதினொரு மணிக்கு வந்த ஓர் இளைஞரின் மூன்றாம் நம்பரில் இன்னொருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வந்தவர் பெருந்தன்மையாகக் காலியாக இருந்த எட்டாம் நம்பரில் படுத்துவிட்டார். ஒரு மணிக்கு எட்டாம் நம்பர்க்காரர் வந்தார். விளக்கு போடப்பட்டது, மேலாளர் வந்தார், அறையே எழுந்தது. ஹாஸ்டலில் விரிப்பு மாற்றுவதும் லாக்கர் கொடுப்பதும் படுக்கை எண்ணை வைத்துத்தான். ஒருவர் மாறினால் சங்கிலியாக எல்லாம் மாறும். நம் இடத்தில் ஆள் இருந்தால் அறைக்குள் எதையும் தொடாமல் திரும்பி வந்து வரவேற்பறையில் சொல்வதுதான் சரி. மாற்றுப் படுக்கையை அவர்கள் எழுதித் தரட்டும்.

கவர் என்னும் எதிரி

பெரும்பாலான ஹாஸ்டல்களில் இரவு பத்து அல்லது பதினொன்று முதல் காலை ஆறு அல்லது ஏழு வரை அமைதி நேரம். நமக்கு இது புதிதல்ல. ரயிலில் நடு பெர்த்தைப் போட்டுத் தூங்கும் நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை. ஒலிபெருக்கிக் கட்டுப்பாட்டுக்கான 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலும் இரவு என்பது இதே எட்டு மணி நேரம்தான்.

ஆனால் காசியில் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே அமைதி நேரம் முடிவதற்கு முன்பே ஊர் விழித்துவிடும். சூரிய உதயத்துக்குப் படகில் ஏற வேண்டுமென்றால் ஐந்து மணிக்குள் எழ வேண்டும். இன்னொரு பக்கம், மூடுபனியில் தாமதமாகும் ரயில்கள் நள்ளிரவுக்குப் பிறகு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும். ஒரே அறையில் ஒருவருக்கு ஒரு மணி, இன்னொருவருக்கு நான்கரை மணி. "யாரும் அசையவே கூடாது" என்ற விதி இங்கே நடக்காத காரியம். அசைகிறவர் எவ்வளவு தயாராக இருக்கிறார் என்பதுதான் கேள்வி.

தம்பியின் முறை எளியது. தினமும் இரவு பத்து மணிக்கு முன், விளக்கு எரியும்போதே, பத்து நிமிடம் ஒதுக்குவார். மறுநாள் காலை உடுத்தும் துணி, பிரஷ், துண்டு, மாத்திரை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுத் தலைமாட்டில் தொங்கவிடுவார். ஐந்து மணிக்குக் கிளம்புவதாக இருந்தால் மூட்டை முழுவதையும் முன்னிரவிலேயே கட்டி முடித்திருப்பார். எழுந்ததும் துணிப்பையையும் மூட்டையையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். உடை மாற்றுவது, ஷூ போடுவது, பையைச் சரிசெய்வது எல்லாம் தாழ்வாரத்தில்தான்.

இந்த முறையில் முதலில் ஒழிவது பிளாஸ்டிக் கவர். இரவு அறையில் மனிதக் குரலைவிட அது அதிகம் எழுப்பும். தாழ்ந்த குரலில் இருவர் பேசினால் தூங்குகிறவர் மூளை கொஞ்ச நேரத்தில் பழகிக்கொள்கிறது. கவரின் சரசரப்பு விட்டுவிட்டு வருகிறது; அடுத்தது எப்போது என்று காது காத்திருக்கிறது. பொருட்களைப் பிரித்து வைக்கப் பழைய பனியன் துணியில் தைத்த சுருக்குப் பைகளே போதும். தம்பி வைத்திருந்தது எல்லாம் திருப்பூர் வெட்டுத்துணி. பைக்கு ஒரு நிறம்; வெளிச்சம் இல்லாமல் தொட்டே கண்டுபிடிக்க ஒவ்வொன்றின் கயிற்றிலும் வெவ்வேறு எண்ணிக்கையில் முடிச்சு. ஒரு முடிச்சு மருந்து, இரண்டு முடிச்சு சார்ஜர்.

அடுத்தது அலாரம். ஒலி வேண்டாம், அதிர்வு மட்டும் வைத்து, போனைத் தலையணை உறைக்குள் விட்டால் நமக்கு மட்டும் கேட்கும். கையில் கட்டும் பட்டை இருந்தால் இன்னும் நல்லது. அடித்த முதல் முறையே எழுந்துவிட வேண்டும். முதல் நாள் நாலரைக்கு ஒருவர் அலாரத்தை ஒத்திவைத்து ஒத்திவைத்து ஐந்து பத்து வரை தூங்கினார். ஐந்து முறை அடித்தது. ஏழு பேரும் எழுந்துவிட்டோம், அவர் மட்டும் படகைத் தவறவிட்டார்.

வெளிச்சம் தேவைப்பட்டால் போன் டார்ச்சை அப்படியே காட்டாமல், விளக்கை உள்ளங்கையால் மூடிக்கொள்ளலாம். விரல்களினூடே கசியும் சிவந்த வெளிச்சம் பைக்குள் பார்க்கப் போதுமானது. பத்து மணிக்கு மேல் வீடியோ கால் கூடாது. இயர்போன் போட்டிருந்தாலும் கூடாது. மறுமுனைக் குரல்தான் அடங்கும், நம் குரல் அடங்காது.

குறட்டைக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து ரூபாய் நுரை அடைப்பான் காதைக் காக்கும், அதைச் சரியாகப் போட்டால். பலரும் அதை அப்படியே திணித்துவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். விரல்களால் மெல்லிய திரி போல உருட்டி, மற்றொரு கையால் காதின் மேல் நுனியைப் பின்பக்கமாக மேலே இழுத்து, உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். நுரை உள்ளே விரிந்து துளையை அடைக்கும். பக்கத்துக் குறட்டை பக்கத்துத் தெருக் குறட்டையாகும். தாங்கவே முடியாவிட்டால் குறட்டை விடுபவரின் கட்டில் காலை மெல்லத் தட்டலாம். பெரும்பாலும் புரண்டு படுப்பார். முன்பின் தெரியாதவரை, அதுவும் இருபாலரும் தங்கும் அறையில், தொட்டு எழுப்பக்கூடாது.

சத்தம் எழாத சண்டை ஒன்றும் உண்டு. அது வெந்நீர்ச் சண்டை. எங்கள் அறையோடு ஒட்டிய குளியலறையில் 15 லிட்டர் கீசர். முழுதாகச் சூடேறிய நீரைக் குளிர்ந்த குழாய் நீரோடு கலந்தால் கிடைப்பது ஏறக்குறைய 27 லிட்டர், அதாவது ஒன்றரை வாளி. மறுபடி சூடேற இருபது, இருபத்தைந்து நிமிடம். எட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு வாளி என்று வைத்தாலே கணக்கு இரண்டு மணி நேரம் ஓடும். காலையில் ஷவருக்கு அடியில் நின்று பாட்டுப் பாடியவரைத்தான் அன்று முழுக்க எல்லோரும் வெறுப்போடு பார்த்தார்கள். இரவே குளித்துவிடுபவர் அறைக்கே உபகாரம் செய்கிறார்.

திண்டுக்கல் பூட்டும் லாக்கர் கொண்டியும்

ஹாஸ்டலில் லாக்கர் இருக்கும். பூட்டு பெரும்பாலும் நாம் கொண்டுபோக வேண்டும். நான் வீட்டிலிருந்து கனமான திண்டுக்கல் பூட்டு ஒன்றைப் பெருமையாக எடுத்துப் போயிருந்தேன். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு. அதன் வளையம் லாக்கர் கொண்டியின் துளைக்குள் நுழையவே இல்லை. வீட்டு வாசலுக்கான பூட்டு வேறு, தகர லாக்கருக்கான பூட்டு வேறு. வளையம் 5 முதல் 6 மில்லிமீட்டர் தடிமனுக்குள் இருந்தால் பெரும்பாலான கொண்டிகளில் நுழையும். 40 மில்லிமீட்டர் அகலப் பூட்டுகளில் வளையம் ஏறத்தாழ இந்த அளவில்தான் வரும். அதைவிட மெல்லியது, அதாவது சூட்கேஸ் ஜிப்புக்குப் போடும் குட்டிப் பூட்டு, திருகினாலே வாய் திறந்துவிடும்.

சாவிப் பூட்டா, நம்பர் பூட்டா? நம்பர் பூட்டில் சாவி தொலையும் பயம் இல்லை. ஆனால் இருட்டில் எண் தெரியாது; விளக்கு போட்டால்தான் திறக்க முடியும். மூன்று சக்கர நம்பர் பூட்டு ஒன்று மொத்தம் ஆயிரம் எண்களுக்குள் அடங்குகிறது. பூட்டிய பிறகு பலர் கடைசிச் சக்கரத்தை மட்டும் ஒரு பல் நகர்த்திவிட்டுப் போகிறார்கள். பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பத்து முயற்சி போதும். எனவே சாவிப் பூட்டு, சாவியைக் கழுத்துக் கயிற்றிலோ மணிக்கட்டிலோ கட்டிக்கொள்வது என்று தம்பி முடிவு செய்திருந்தார். இரண்டாவது சாவி பர்ஸில்.

லாக்கருக்குள் எதை வைப்பது என்பதும் பத்து மணிக்கு முந்தைய பத்து நிமிடத்தில்தான் முடிவாக வேண்டும். லேப்டாப், கேமரா, பெரும்பகுதிப் பணம், ஒரு வங்கி அட்டை, அசல் அடையாள அட்டை ஆகியவை உள்ளே. இன்னொரு அட்டையும் ஒரு நாள் செலவுக்கான பணமும் உடம்போடு ஒட்டிய சின்னப் பையில். ஒன்று போனாலும் மற்றது ஊர் சேர்க்கும். ஆதார் நகல் யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் இணையதளத்திலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளலாம். பான் அட்டையில் முகவரி இல்லாததால் அது தங்குமிடங்களில் செல்லாது.

டார்மிட்டரியில் பொருள் காணாமல் போவதற்கு மூன்று நேரங்கள் வாகானவை. குளிக்கப் போகும் பத்து நிமிடம் ஒன்று. அப்போது சின்னப் பை குளியலறைக்குள் நம்மோடு வர வேண்டும். ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறை ஒன்றில் போட்டுக் கதவுக் கொக்கியில் மாட்டலாம். இரண்டாவது, அறையின் பொதுச் சாக்கெட்டில் போனைச் செருகிவிட்டுத் தூங்கும் நேரம். போனை நேராகச் சார்ஜ் செய்யாமல், பகலில் பவர் பேங்கை நிரப்பி, இரவில் அதிலிருந்து தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏற்றுவது பாதுகாப்பு. ஆனால் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடக்கூடாது, சூடாகும். மூன்றாவது, அறையைக் காலி செய்துவிட்டு இரவு ரயில் வரை பையை வரவேற்பறை மூலையில் போட்டுவிட்டுச் சுற்றப் போகும் நேரம். அங்கே யார் பையை யார் எடுக்கிறார்கள் என்று கண்காணிக்க ஆள் கிடையாது. ஜிப்பில் பூட்டு போட்டிருந்தாலும் பேனா முனையால் ஜிப்பின் பற்களைப் பிளந்துவிட முடியும். பிறகு ஓட்டியை ஒருமுறை இழுத்தால் பழையபடி மூடிக்கொள்ளும், திறந்த தடமே தெரியாது. ஆகவே அந்தப் பையில் துணிமணி மட்டும் இருக்கட்டும்.

காசிக்கென்றே ஒரு தனித் திருடனும் உண்டு. மாடியில் துணி காயப்போட்டால் குரங்கு எடுத்துக்கொண்டு போகும். என் துண்டு அப்படித்தான் போனது.

காணாமல் போன போன்

மூன்றாம் நாள் காலை ஐந்தே முக்கால். நாலாம் நம்பரில் இருந்த நாக்பூர் மாணவர் திடீரென்று எழுந்து விளக்கைப் போட்டார். அவருடைய போன் இல்லை. இரவு தலைமாட்டுச் சாக்கெட்டில் செருகி வைத்ததாக நினைவு. சார்ஜர் இருக்கிறது, போன் இல்லை. அன்று விடியற்காலை நாலரைக்கு இருவர் அறையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் அறையின் முகம் மாறிவிட்டது. முதல் நாள் சேர்ந்து தேநீர் குடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. யாரோ, துப்புரவுக்கு வரும் பையனின் பெயரைச் சொன்னார்கள்.

தம்பி அந்தப் பேச்சை வளரவிடவில்லை. "மொத தேடலாம், அப்புறம் பேசலாம்" என்றார், இந்தியில். மாணவரின் நம்பருக்குப் போன் செய்தார். மணி போனது, சத்தம் இல்லை. அமைதி நேரம் என்று மாணவரே ஒலியை அணைத்திருந்தார். அறை விளக்கை மறுபடி அணைக்கச் சொல்லிவிட்டு இரண்டாம் முறை அழைத்தார். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில், கீழே, ஒரு நீல வெளிச்சம் துடித்தது. சாக்கெட்டிலிருந்து சார்ஜர் வயரில் தொங்கிய போன், தன் கனத்தால் வயரிலிருந்து கழன்று கட்டில் சட்டத்தின் விளிம்பில் சிக்கியிருந்தது.

மாணவர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். ஆனால் துப்புரவுப் பையன் எட்டு மணிக்கு வந்தபோது, நடந்தது எதுவும் தெரியாமல் அவன் சிரித்துக்கொண்டு விரிப்பை உருவியபோது, அவன் முகத்தைப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை.

அன்றுதான் தம்பி ஏன் தினமும் அத்தனை கறாராகப் பூட்டுகிறார் என்று புரிந்தது. நான் முதல் நாள் அவரிடம், "நாமெல்லாம் ஒரே அறைதானே தம்பி, பூட்டினால் மற்றவர்கள் தப்பாக நினைக்க மாட்டார்களா?" என்று கேட்டிருந்தேன். அதற்கு அவர், "பூட்டாம போனாத்தாங்ணா தப்பு. ஒண்ணு தொலஞ்சா ஏழு பேரும் திருடன் ஆயிடறாங்க" என்றார். கேலியாகச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். போன் கிடைத்த பிறகு அதில் கேலி எதுவும் இல்லை என்று தெரிந்தது. பொருளை வெளியே போட்டு வைப்பவர், தன் கவனக்குறைவின் சுமையை அறையில் உள்ள எல்லோர் தலையிலும் ஏற்றுகிறார்.

உண்மையிலேயே போய்விட்டால்

தேடியும் கிடைக்கவில்லையென்றால் முதலில் மேலாளரிடம் சொல்ல வேண்டும். தூங்கும் அறைக்குள் கேமரா இருக்காது, இருக்கவும் கூடாது. ஆனால் தாழ்வாரத்திலும் வாசலிலும் இருக்கும். தங்கியவர் அத்தனை பேரின் அடையாளமும் பதிவில் இருக்கிறது. அடுத்தவர் பையை நாமே திறந்து சோதிக்கக்கூடாது. அது வேறொரு வழக்காகிவிடும்.

போன் என்றால் உடனே வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லி யுபிஐ, இணைய வங்கிச் சேவைகளை நிறுத்த வேண்டும். பணம் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால் 1930 என்ற உதவி எண். பிறகு சிம்மை முடக்கி, அதே எண்ணில் மாற்று சிம் வாங்க வேண்டும். போலீஸ் புகாரை எந்த ஊர்க் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. மின்னணு வழியாகவும் தகவல் கொடுக்கலாம். மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். புகார் நகலையும் போனின் ஐஎம்இஐ எண்ணையும் வைத்து ceir.gov.in தளத்தில் பதிந்தால் இந்தியாவின் எந்த நெட்வொர்க்கிலும் அந்தப் போன் வேலை செய்யாதபடி முடக்கிவிடுவார்கள். அந்த எண்ணைப் போன் தொலைந்த பிறகு தேடுவது கஷ்டம். கிளம்பும் முன் `*#06#` என்று அழுத்தி, வரும் எண்ணை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.

பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியவை

விளக்கு அணையும் முன், இந்த வரிசையில்:

1. நாளைக் காலைக்கான துணி, பிரஷ், மாத்திரை எல்லாம் துணிப்பையில் போட்டுத் தலைமாட்டுக்கு.
2. விடியற்காலை கிளம்புவதாக இருந்தால் பெரிய பையை முழுதாகக் கட்டிவிடுவது.
3. ஈரத் துண்டு கட்டில் கம்பியில் வேண்டாம். குளியலறைக் கொடியிலோ மாடியிலோ, குரங்கு இல்லாத இடத்தில். ஷூ அறை வாசலுக்கு வெளியே.
4. விலையுயர்ந்தவை லாக்கருக்கு, சாவி கழுத்துக்கு.
5. போனில் அதிர்வு அலாரம். போன் சாக்கெட்டில் தொங்காமல், சுவர்ப் பக்க இடுக்கில் விழாமல்.
6. சாப்பாட்டுப் பொட்டலம் எதுவும் படுக்கையில் இல்லை என்று ஒரு பார்வை. எறும்பும் எலியும் யார் படுக்கை என்று பார்ப்பதில்லை.

நான்காம் நாள் விடியற்காலை என் ரயில் ஐந்தரைக்கு. நாலரைக்கு எழுந்து, தலைமாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, லாக்கரைத் தடவித் திறந்து, கதவை இழுத்துச் சாத்தி வெளியே வந்தேன். ரயிலில் உட்கார்ந்த பிறகு தம்பியிடமிருந்து செய்தி வந்தது: "எப்பங்ணா கெளம்புனீங்க? சத்தமே கேக்கல."